மழை லீவுக்கு ஏன் சனிக்கிழமை ஸ்கூல்?

மழைக்கு லீவு விட்டா பிள்ளைகளுக்குக் குஷிதான். ஆனா கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5-ம் வகுப்புக்கு 200, 6 முதல் 8-க்கு 220 வேலை நாள்கள் கட்டாயம். ஜூன்ல திறக்கும் தமிழகப் பள்ளிகளுக்குச் சிக்கலே நவம்பர், டிசம்பர்தான். வடகிழக்குப் பருவமழையும் அரையாண்டுத் தேர்வும் அடுத்தடுத்து வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலால தேர்வே தள்ளிப்போச்சு.

இழந்த நாளைச் சனிக்கிழமையில ஈடுகட்டுவாங்க. விடுபட்டது திங்கள் என்றால், அன்று திங்கள்கிழமை டைம்டேபிளே நடக்கணும். இல்லாட்டி வேலை நாள் கணக்கு சரியாகும். திங்களன்று மட்டும் இரண்டு பீரியட் இருந்த கணக்குப் பாடம் மட்டும் பின்தங்கிடும். சர்க்குலர்ல எந்தக் கிழமை அட்டவணைன்னு பாருங்க. புத்தகப் பையையும் அதுக்கேத்த மாதிரி அடுக்குங்க.