மேற்கொண்டு களைதல்: திருப்பரங்குன்றத் தீபத்தூண் வழக்கை முன்வைத்து எதிர்வாதப் பத்தி குறித்து ஓர் ஆய்வு

திருப்பரங்குன்றம் மலையைப் பற்றிச் சட்ட மாணவர் எழுதும் கட்டுரை எந்தத் தரப்பில் நின்றாலும் 1931ஆம் ஆண்டைத் தொடாமல் நகராது. 1920இல் மதுரை சார்பு நீதிமன்றத்தில் தொடரப்பட்ட உரிமையியல் வழக்கு, 1923இல் அங்கே தீர்ப்பாகி, உயர் நீதிமன்றத்தில் மாற்றப்பட்டு, 1931இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. மலையின் வெறுமையான பகுதி நெடுங்காலமாகக் கோயிலின் அனுபவத்தில் இருந்துவந்தது என்று ஏற்ற பிரிவி கவுன்சில், சார்பு நீதிமன்றத்தின் தீர்ப்பாணையை மீண்டும் நிலைநிறுத்தியது. அந்த ஆணையில் விலக்குகளும் உண்டு. நெல்லித்தோப்பு, அங்குள்ள புது மண்டபம், நெல்லித்தோப்பிலிருந்து மேலே செல்லும் படிக்கட்டு, பள்ளிவாசல் நிற்கும் பாறையின் உச்சி ஆகியவை முஸ்லிம்களுக்கு உரியவை என்று அது ஒதுக்கிவைத்தது.

இந்தக் கட்டுரை அந்த வழக்கின் நியாயத்தைத் தீர்க்க வரவில்லை. 2025 டிசம்பர் 1 அன்று, மலையின் தாழ்ந்த சிகரத்திலுள்ள கல் தூணிலும் கார்த்திகை தீபம் ஏற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரை அமர்வின் தனி நீதிபதி தேவஸ்தானத்துக்கு உத்தரவிட்டார். அதை ஆதரித்து எழுதப்படும் ஒரு சட்டக் கட்டுரையில் எதிர்வாதப் பத்தி எப்படி அமைகிறது, அதை எப்படித் திருத்தி எழுதுவது, திருத்தும்போது கட்டுரைக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கே பொருள். மாதிரிப் பத்திகள் இந்த ஆய்வுக்காக எழுதப்பட்டவை.

முதல் வரைவில் அந்தப் பத்தி பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“தூணில் விளக்கேற்றினால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று சிலர் கூறுகின்றனர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. மலை கோயிலுக்கே சொந்தம் என்று பிரிவி கவுன்சில் 1931இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தனக்குச் சொந்தமான மலையில் விளக்கேற்றக் கோயிலுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.”

படிக்கச் சரளமாக இருக்கிறது. முதல் பார்வைக்கு மறுப்பு முழுமையானதாகவும் தெரிகிறது. ஆனால் ‘சிலர்’ என்பவர் யார் என்று கேட்டவுடன் பத்தி ஆட்டம் காண்கிறது. தூணில் ஏற்ற மறுத்து நீதிமன்றத்தில் நின்றவர்களில் முதன்மையானது தேவஸ்தான நிர்வாகமே. அதோடு அறநிலையத் துறையும் மாவட்ட நிர்வாகமும் இருந்தன. மலைமேலுள்ள தர்காவின் தரப்பும் வந்தது. ‘கோயிலுக்கு யார் அனுமதியும் தேவையில்லை’ என்ற வாக்கியம், வேண்டாம் என்று சொன்னதே கோயில் நிர்வாகம்தான் என்பதை மறைத்துவிடுகிறது. எதிர்த் தரப்பைப் பெயரில்லாப் பன்மையாக்கியதால் வந்த வினை இது. முதல் திருத்தமாக ஆசிரியர் செய்ய வேண்டியது, ‘சிலர்’ இருந்த இடத்தில் வழக்கின் எதிர்மனுதாரரை எழுதிப் பார்ப்பது. எழுதியதும் அடுத்த மூன்று வாக்கியங்களும் நிற்கின்றனவா என்று தெரிந்துவிடும். இங்கே நிற்கவில்லை.

இன்னொரு குறை நுட்பமானது. எதிர்த் தரப்பு சொன்னவற்றுள் சட்டம் ஒழுங்கு என்பது ஒன்று மட்டுமே, அதுவும் மறுப்பதற்கு மிக எளிதானது. அமைதி குலையும் என்ற அச்சத்தால் மட்டும் ஓர் உரிமையை மறுக்க முடியாது என்று சொல்ல நிறைய தீர்ப்புகள் இருப்பதால் மாணவர் கை அங்கேதான் போகிறது. எதிராளியின் வாதங்களில் மெலிந்த ஒன்றைப் பொறுக்கி அதையே அவர் முழு வாதமாகக் காட்டுவது பொய் சொல்வதாகாது. ஆனாலும் படிப்பவருக்குத் தவறான செய்தியே போய்ச் சேரும்.

நன்னூல் ஒரு நூல் கொள்ளும் மதங்களை ஏழாகச் சொல்லும்போது, மறுத்தலை ஒன்றாகவும், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதலை வேறொன்றாகவும் வைக்கிறது. மறுப்பவர் வெளியே நின்று வேண்டாம் என்கிறார். மேற்கொண்டு களைபவர் முதலில் எதிராளியின் கொள்கையைத் தாமே கொண்டவர்போல் நடத்திக்காட்டி, அது எவ்விடத்தில் நிற்கவில்லையோ அங்கே விலகுகிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் கையாண்ட அமைப்பும் இதுவே. உலகாயதன் மதம் தனியே, அதன் மறுதலை தனியே என்று ஒவ்வொரு சமயத்துக்கும் முதலில் இடம் கொடுத்த பிறகே மறுப்பு வருகிறது. நம் சட்டக் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. ‘இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று’ என்பது மறுத்தல். அதில் களைதல் நடப்பதில்லை, களைவதற்கு முன்னால் எதுவும் மேற்கொள்ளப்படவே இல்லை.

இனி அதே பத்தியைத் தேவஸ்தானத் தரப்பு வழக்கறிஞர் படித்து, ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்பும் வகையில் எழுதிப் பார்ப்போம்:

“1931 தீர்ப்பு மலை யாருடையது என்பதைத் தீர்த்தது, எங்கே விளக்கேற்ற வேண்டும் என்ற கேள்வி அங்கே எழவில்லை. மலை தேவஸ்தானத்துடையது என்றால், விழாவைத் தன் நிலத்தில் எவ்விடத்தில் நடத்துவது என்று முடிவு செய்வதும் அதற்கே உரியது. அது உச்சிப்பிள்ளையார் கோயில் அருகே ஏற்றிவருகிறது. அந்த இடத்தை மரபான இடமாக 1996இல் உயர் நீதிமன்றம் ஏற்றது; வேறிடம் கோரிய மனு 2014இல் தள்ளுபடியானது, 2017இல் மேல்முறையீடும் தோற்றது. தூண் எதற்காக நடப்பட்டது என்பதோ சான்றும் குறுக்கு விசாரணையும் கொண்டு தீர்க்க வேண்டியது. ஒரு சமய நிறுவனத்தின் வழக்கம் எது என்ற பிணக்குக்கு 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு தனி வழி வைத்திருக்கிறது. பிரமாணப் பத்திரங்களை மட்டும் பார்த்து நீதிப்பேராணை அதிகாரத்தில் அதை முடிப்பது முறையாகாது.”

இந்தப் பத்தியில் மறுப்பின் வாடையே இல்லை. ‘கூறிக்கொள்கின்றனர்’, ‘என்று வாதிட முயல்கின்றனர்’ போன்ற வினைகள் இல்லை. அவை தீர்ப்புச் சொல்லும் வினைகள். கூற்றை எடுத்துரைக்கும்போதே அதன் காலை வாரிவிடுபவை. தர்கா தரப்பையும் இதில் கலக்கவில்லை. அவர்களுடைய கேள்வி எல்லை பற்றியது. தேவஸ்தானத்தின் கேள்வி வழக்கம் பற்றியது. இரண்டையும் ஒரே பத்தியில் பிசைந்தால் இரண்டும் கெடும். எல்லைப் பிரச்சினை கட்டுரைக்கு வேண்டுமானால் அதற்குத் தனிப் பத்தி தர வேண்டும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சங்கடம் தொடங்குகிறது. மாணவரின் முதன்மை ஆயுதமான 1931 தீர்ப்பு, இப்போது எதிராளியின் கையில் இருக்கிறது. உரிமையாளர் தன் நிலத்தில் ஒன்றைச் செய்யலாம் என்பது வேறு. அதைச் செய்யும்படி இன்னொருவர் அவரைக் கட்டாயப்படுத்தலாம் என்பது வேறு. உரிமை முதலாவதைத் தருகிறது. இரண்டாவதற்கு அது குறுக்கே நிற்கிறது. பக்தர் ஒருவர் தேவஸ்தானத்துக்கு எதிராக மனுச் செய்திருக்கும் வழக்கில், ‘மலை தேவஸ்தானத்துடையது’ என்பது மனுதாரரின் வாதமாக முடியாது. முதல் வரைவு எதிர்வாதத்தைக் குறுக்கியதால்தான் இந்த ஓட்டை எழுதியவர் கண்ணுக்கே தெரியாமல் போனது. எதிர்வாதத்தை நேர்மையாகச் சொல்வதை நான் எதிராளிக்குக் காட்டும் மரியாதையாகப் பார்க்கவில்லை. சொந்த வாதத்தின் தவறான அடித்தளத்தைக் கண்டுபிடிக்கும் முறையாகவே அதை வற்புறுத்துகிறேன்.

அப்படியானால் விடை எதன்மேல் நிற்கலாம்? தேவஸ்தானம் தனிமனித உரிமையாளர் அன்று; தெய்வத்தின் சொத்தை நிர்வகிக்கும் அறங்காவல் பொறுப்பில் உள்ளது. நிறுவனத்தின் வழக்கத்துக்கு ஏற்பவே அறங்காவலர் நிர்வகிக்க வேண்டும் என்று அதே 1959 சட்டத்தின் 28ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே இடத்தைத் தேர்வது முற்றிலும் அதன் விருப்பம் என்று சொல்ல முடியாது. பக்தர் கேள்வி கேட்கவும் நீதிமன்றம் பார்க்கவும் இடமிருக்கிறது. 1996 உத்தரவுக்கும் இன்னொரு பாதி உண்டு. பிற்காலத்தில் தேவஸ்தானம் வேறிடத்தை அனுமதித்தால், அது தர்கா, படிக்கட்டு, நெல்லித்தோப்பு ஆகியவற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அது சொன்னது. வேறிடம் அறவே கூடாது என்பது அதன் கருத்தன்று என்று இதிலிருந்து வாதிடலாம். ஆனால் ‘தேவஸ்தானம் அனுமதித்தால்’ என்ற சொற்கள் அங்கே இருப்பதையும் மாணவர் விழுங்கிவிடக் கூடாது. அந்த உத்தரவு இரு தரப்புக்கும் பாதிப் பாதியாகவே உதவுகிறது. 2014, 2017 தீர்ப்புகளுக்கு விடை, அன்று கேட்கப்பட்ட பரிகாரமும் இன்று கேட்கப்படுவதும் ஒன்றா என்பதைப் பொறுத்தது. ஒன்றல்ல என்றால் முன்தீர்ப்புத் தடை பொருந்தாது. இதை ஒரு வரியில் அடித்துச் சொல்லாமல், இரண்டு மனுக்களின் வேண்டுகோளையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும்.

63ஆம் பிரிவு பற்றிய வாதம் மட்டும் முழுமையாகக் களையப்படாது. மாற்று வழி இருப்பது நீதிப்பேராணை அதிகாரத்தை அறவே தடுப்பதில்லை என்று சொல்லலாம். ஆனால் தூணின் நோக்கம் உண்மையிலேயே பிணக்கில் உள்ள செய்தி என்றால், அதைச் சான்று விசாரணையின்றி முடிப்பதில் உள்ள குறையை ஒப்புக்கொண்டு மேலே செல்வதே நேர்மை. எழுதுபவருக்கு இது பிடிக்காது. மதிப்பெண் குறையும் என்ற பயம் வரும். என் அனுபவத்தில், எல்லா எதிர்வாதத்தையும் முற்றாக வீழ்த்திய கட்டுரையைத்தான் தேர்வாளர் சந்தேகத்தோடு படிக்கிறார்.

‘2026 ஜனவரி 6 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் உத்தரவை உறுதி செய்துவிட்டதே, பிறகு தோற்ற வாதத்தை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்கலாம். தீர்ப்பு வந்துவிட்டதால் வாதம் மறைவதில்லை. மேல்முறையீட்டிலும் மறு ஆய்விலும் அதே வாதம்தான் திரும்ப வரும். மேலும் தோற்ற தரப்பின் வாதத்தைத் தீர்ப்பிலிருந்து மட்டும் எடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நீதிபதி அதைச் சுருக்கும்போது, எந்த வடிவில் தாம் பதில் சொல்லப்போகிறாரோ அந்த வடிவில் சுருக்குவார். எதிர்மனுப் பத்திரமும் மேல்முறையீட்டுக் காரணங்களும் கிடைத்தால், வாதத்தை அங்கிருந்து எடுப்பதே சரி.

எதிர்த் தரப்பில் நின்று எழுதும் மாணவருக்கும் இதே சோதனை பொருந்தும். ‘தீபம் கோருவோருக்கு அரசியல் நோக்கம் இருக்கிறது’ என்று தொடங்கும் பத்தி, ‘சட்டம் ஒழுங்கு கெடும் என்று சிலர்’ என்று தொடங்குவதைப் போலவே ஊனமுற்றது. நோக்கம் மனுதாரரைப் பற்றியது. வழக்கில் கேட்கப்பட்டதோ அறங்காவலரின் கடமை பற்றியது. இந்த மாணவர் முதலில் எழுத வேண்டியது 28ஆம் பிரிவையும், 1996 உத்தரவில் 15 மீட்டர் என்ற வரம்பு எதற்காக வைக்கப்பட்டது என்ற கேள்வியையும்தான். அதைச் செய்தால், ‘நீதிமன்றம் தலையிடவே கூடாது’ என்ற தம் முடிவை ‘63ஆம் பிரிவின்கீழ் விசாரணைக்கு அனுப்பியிருக்க வேண்டும்’ என்று சுருக்க நேரும்.

நாம் எடுத்துக்கொண்ட கட்டுரையிலும் அதுவே நடக்கிறது. எதிர்வாதப் பத்தியைத் திருத்திய கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பி, ‘மலை கோயிலுடையது; எனவே தூணில் விளக்கேற்றலாம்’ என்ற முடிவை அடிக்க வேண்டும். அங்கே வர வேண்டியது, ‘தேவஸ்தானம் அறங்காவல் பொறுப்பில் உள்ளதால், தூணில் ஏற்றுவது வழக்கத்தோடு இயைந்தது என்று சான்றால் காட்டப்படும் அளவுக்கு, 1996இன் 15 மீட்டர் வரம்பை மீறாமல், அதைக் கோரப் பக்தருக்கு உரிமை உண்டு’ என்ற நீண்ட, நிபந்தனைகள் ஏறிய வாக்கியம்.