ஒளிப்படத்தில் வகிடு மாற்றுதல்: கத்தி முதல் கணினி வரை

ஒளிப்படத்தில் வகிட்டை மாற்றுவதும் நெற்றியில் முடி விழச் செய்வதும் கணினிக்கு முற்பட்ட வேலைகளே. நெகட்டிவில் வெளிச்சமும் இருளும் தலைகீழாக இருக்கும். பென்சிலால் தீட்டிய இடம் அச்சில் வெளுக்கும். எனவே முகச்சுருக்கத்தை மறைக்கப் பென்சில் போதும். நெற்றியில் கருமுடி வேண்டுமானால், அங்குள்ள வெள்ளிப் படலத்தைக் கத்தியால் இழை இழையாகச் சுரண்ட வேண்டும். கை தவறினால் நெகட்டிவ் பாழாகும். அச்சிட்ட படத்தின்மேல் தூரிகையால் முடி வரைவது இதைவிட எளிது. ஆனால் பிரதிதோறும் வரைய வேண்டும்.

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், ஓரிடத்தை மற்றோரிடத்தில் நகலெடுக்கும் கருவியைத் தந்தது. இன்று அது Clone Stamp எனப்படுகிறது. 1994இல் அடுக்குகள் வந்தபின், மூலப்படத்தைத் தொடாமலே திருத்த முடிந்தது.

மறைந்த பாட்டியின் ஒரே படத்தில் நேர்வகிடு இருக்கிறது. குடும்பத்தார் கோணவகிடு கேட்கிறார்கள் எனக் கொள்வோம். முதலில் Alt விசையை அழுத்தி, வகிட்டை ஒட்டிய முடியைச் சொடுக்கி, அதன் நகலால் பழைய வகிட்டை மூட வேண்டும். பிறகு ஒரு கற்றையைத் தனி அடுக்கில் நகலெடுத்து, Warp கொண்டு அதன் வேர் புதிய வகிட்டில் பொருந்துமாறு வளைக்க வேண்டும். நெற்றியில் முடி விழுந்தால் அதன் கீழே மெல்லிய நிழலும் தேவை.

கோணவகிடு உள்ள படத்தை இடவலமாகத் திருப்பினாலும் வகிடு இடம் மாறும். ஆனால் மச்சமும் மூக்குத்தியும் கூடவே மாறி, முகம் அந்நியமாகிவிடும். ஒரே சுருள் இருமுறை தென்படுவதும் நெற்றிமுடிக்கு நிழல் இல்லாததும் திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். கடவுச்சீட்டுப் படத்தில் இத்தகைய மாற்றம் ஏற்கப்படாது.