வாய்க்கரிசி முதல் பால்தெளி வரை: பட்டினத்தாரின் தாய் இரங்கற்பாக்கள்

காஞ்சி, மயிலை ஆகியவற்றோடு மல்லைக்கும் தலைவன் என்று நந்திக்கலம்பகம் புகழும் மூன்றாம் நந்திவர்மன் 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன். மல்லை என்பது இன்றைய மாமல்லபுரம். அவன் இறந்தபின் பாடியதாக ஒரு பாட்டு அந்நூலின் பதிப்புகளில் மிகைப்பாடலாகச் சேர்ந்து வழங்குகிறது. மன்னனின் முகம் நிலவிடம் போயிற்று, புகழ் கடலிடம் போயிற்று, வீரம் புலியிடமும் கொடை கற்பக மரத்திடமும் போய்ச் சேர்ந்தன என்று ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டே வந்து, நானும் என் வறுமையும் இனி எங்கே போவது என்று முடியும். அழகான பாட்டுதான். ஆனால் இதில் நந்தியின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு மன்னனின் பெயரை வைத்தாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. நிலவு முகமும் புலி வீரமும் எல்லா மன்னர்களுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை. இழப்பு என்று இதில் தனியே நிற்பது புலவரின் வறுமை ஒன்றே.

தமிழில் இறந்தவருக்கு இரங்கிப் பாடும் கையறுநிலை என்ற துறை பெரும்பாலும் இப்படி ஆதரவாளரை இழந்த புலவரின் குரலாகவே வளர்ந்தது. பெற்றவரை இழந்த பிள்ளையின் குரல் அதில் அரிது. அந்த அரிய குரல் செங்கற்பட்டுக் கடற்கரையோடு தொடர்புடைய இன்னொருவரிடம், பட்டினத்தாரிடம், எப்படி உருவெடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அவர் பிறந்தது காவிரிப்பூம்பட்டினம் என்றும், தாய்க்கு எரியூட்டியதும் அங்கேதான் என்றும் வரலாறு சொல்லும். அவருடைய சமாதி இருப்பது திருவொற்றியூர்க் கடலோரம். இன்று சென்னைக்குள் இருக்கும் திருவொற்றியூர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்தது. கல்வெட்டுத் தொகுதிகளில் அது அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

பிள்ளையின் குரலுக்கு முன்னோடி புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. (அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால வழக்கு; புறநானூறு அவர்களுக்குப் பெயர் தரவில்லை.) சென்ற மாத நிலவில் தந்தையும் இருந்தார், மலையும் எங்கள் கையில் இருந்தது, இந்த மாத நிலவில் மலையை அரசர்கள் எடுத்துக்கொண்டார்கள், தந்தையும் இல்லை. பாட்டு சொல்வது இவ்வளவே. தந்தை கொடையாளி என்றோ வீரர் என்றோ ஒரு சொல் இல்லை. அடைமொழியால் சிறப்பிக்கப்படுபவர்கள் பகைவர்கள்தாம்; அவர்களது முரசுக்கு வெற்றியைச் சேர்த்துச் சொல்கிறார்கள். வஞ்சித்துக் கொன்றவர்களை அப்படிச் சொன்னது இகழ்ச்சிக் குறிப்பு என்று பழைய உரைகாரர் கண்டுகொண்டார். கபிலர் பாரியை எத்தனையோ பாட்டில் புகழ்ந்திருக்கிறார். அவன் மகளிருக்கு அந்தப் புகழ் தேவைப்படவில்லை. தந்தை தந்தையாக மட்டும் இருந்தால் போதும்.

பட்டினத்தாரிடம் வரும்போது இந்த அடக்கம் வேறு வகையில் வேலை செய்கிறது. தாயின் ஈமச்சடங்கின்போது பாடியவை என்று அவர் பாடல் திரட்டில் பத்துப் பாட்டுகள் உள்ளன. ஏழாவது பாட்டு தவிர மற்றவை வெண்பா. இவற்றைத் தனித்தனியே மேற்கோளாக எடுத்தாண்டு பழகிவிட்டதால், பத்தும் ஒரே வரிசையில் நகர்வதை நாம் கவனிப்பதில்லை. அந்த நகர்ச்சி எரியூட்டுச் சடங்கின் நகர்ச்சி. முதல் பாட்டு பத்து மாதம் சுமந்து பெற்றவளை இனி எந்தப் பிறவியில் காண்பேன் என்று கேட்கிறது. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய பாட்டுகள் சிதைக்கு முன் நிற்கின்றன. ஐந்தும் ஆறும் வாய்க்கரிசி. ஏழு, தீ மூள்வது. எட்டில் உடல் எரிகிறது. ஒன்பதில் அவள் இறைவனிடம் சேர்ந்தாளா என்ற கேள்வி. பத்தாவதில் சாம்பலுக்குப் பால் தெளிக்கக் கூப்பிடுகிறார். அடுத்து என்ன என்பதைச் சடங்கே சொல்லிவிடுகிறது. துயரத்துக்கு வழி தேடிக் கற்பனையை அலையவிட வேண்டியதில்லை.

சிதைக்கு முன் நிற்கும் மூன்று வெண்பாவும் ஒரே வகையில் முடிகின்றன. தாய் தன்னை எப்படிச் சுமந்து வளர்த்தாள் என்பது முதலில் வரும்; மூன்றாவது பாட்டில் அது தொட்டில், தோள், மார்பு, கட்டில் என்று விரியும். வாக்கியத்தின் கடைசியில்தான், அவளுக்கா நான் நெருப்பு வைப்பது என்ற வினை வருகிறது. வெண்பாவின் ஈற்றடி மூன்றே சீர். அந்த மூன்றாவது சீரும் ஓரசை அளவில் குறுகி நிற்கும். நெருப்பு மூட்டுவதைச் சொல்லும் வினைமுற்று அந்த இடத்தில் இரண்டாக வெட்டுப்பட்டு, கடைசி அசை மட்டும் தனியே விழுகிறது. யாப்பு இலக்கணம் கேட்பதும் அதுதான். நீளமாக ஓடிவந்த ஓசை சட்டென்று நின்றுவிடுவதால், இதற்கு மேல் ஐயோ என்று ஒரு சொல் சேர்க்க இடமே இல்லை.

வாய்க்கரிசிப் பாட்டுகள் இரண்டையும் நெருங்கிப் பார்க்கலாம். ஐந்தாவதில், இந்த வாய்க்கு நான் இடுவது அரிசியா என்று கேள்வி முதலிலேயே வந்துவிடுகிறது. எந்த வாய் என்பது பிறகு விரிகிறது. தேன், அமுதம், செல்வம், பூ, மான் என்று மகனை அழைத்த வாய். பாட்டின் கடைசிச் சொல்லும் வாய்தான், நான்காம் வேற்றுமையில். ஆறாவதும் அதே அமைப்பில், முகத்தோடு முகம் வைத்து முத்தமிட்டு மகனே என்று அழைத்த வாயில் முடிகிறது.

தேன், அமுதம் என்பவை இரங்கற்பாவிலும் தாலாட்டிலும் தேய்ந்துபோன சொற்கள். அவற்றைப் பட்டினத்தார் ஒதுக்கிவிடவில்லை. யார் வாயில் வைக்கிறார் என்பதுதான் செய்தி. அச்சொற்களைச் சொன்னவள் தாய், சொல்லப்பட்டவன் மகன். தாயை மகன் அப்படி எதுவும் அழைக்கவில்லை. கொஞ்சும்போது தாய்மார் சொல்லும் தேய்ந்த சொற்களை அவளுடைய பேச்சாகவே விட்டுவிட்டு, தன் பங்குக்கு அரிசி என்ற ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொள்கிறார். நந்தியின் இரங்கற்பாவில் புகழ்ச்சொற்கள் இறந்தவனை நோக்கிப் போகின்றன. இங்கே அவை இறந்தவளிடமிருந்து வருகின்றன. தமிழ் இரங்கற்பாவின் வளர்ச்சியில் உண்மையான திருப்பம் இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் கருத்து.

வாய்க்கரிசிப் பாட்டுகளின் இந்தக் காட்சி வடமொழியிலும் உண்டு. ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் மாத்ரு பஞ்சகம் ஐந்து சுலோகங்கள் கொண்டது. முத்தே, கண்ணே, அரசே, நெடுநாள் வாழ்க என்று தன்னை அழைத்த தாயின் வாயில் வறண்ட அரிசியை இடுகிறேன் என்று அதிலும் மகன் சொல்கிறார். இருவர் வரலாற்றிலும் பின்னணிக் கதை ஏறத்தாழ ஒன்றே. துறந்தவனுக்கு ஈமக்கடன் செய்யும் உரிமை இல்லை. ஆனாலும் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மகன் வருகிறான். சங்கரருக்கு உறவினர் உதவ மறுக்கிறார்கள். பட்டினத்தார் பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாட்டாலேயே எரிக்கிறார். கதை எப்படியும் போகட்டும். துறவியான மகன் வாய்க்கரிசி இடும் காட்சி ஒரு மரபாகவே நிலைபெற்றிருந்தது என்பதற்கு இவ்விரண்டும் சான்று. வேறுபாடு வாக்கியத்தில் இருக்கிறது. சுலோகம் இடுகிறேன் என்று அறிவிக்கிறது, வெண்பா இடுவதா என்று கேட்கிறது. கேட்டபின்னும் சடங்கு நிற்கவில்லை. அடுத்த பாட்டிலேயே நெருப்பு வைத்தாயிற்று.

காலம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பதினோராம் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் பெயரில் ஐந்து நூல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது. தாய்ப் பாடல்கள் திருமுறையில் இல்லை. நடையும் ஒத்துவரவில்லை. திருமுறை நூல்களின் மொழி செறிவான புலமை மொழி. இவையோ ஆத்தாள், தொந்தி, உருசி என்று வீட்டுப் பேச்சைத் தயங்காமல் எடுத்துக்கொள்பவை. இரண்டும் ஒருவர் பாடியவை அல்ல, தாய்ப் பாடல்கள் சித்தர் பாடல்களோடு வைத்து எண்ணத்தக்க பிற்காலப் பட்டினத்தாருடையவை என்று ஆய்வாளர் பலர் கொள்வது இதனால்தான். பெயரும் ஒற்றியூரும் பொதுவாக இருந்ததால் இருவர் வரலாறும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மரபு வளர்ந்த கதைக்கு இந்தப் பிரிப்பு அவசியம். புலவர் மொழியில் இருந்த இரங்கற்பா பேச்சுமொழிக்கு வந்த பிறகுதான் வட்டிலும் தொட்டிலும் அதற்குள் நுழைய முடிந்தது. பேச்சுமொழியில் சாவுக்குப் பாடுவது அதற்கு முன்பும் ஒப்பாரியாகப் பெண்களிடம் இருந்தது. ஆண்மகன் ஒருவன், அதுவும் துறவி, அதை வெண்பாவுக்குள் கொண்டுவந்தான் என்பதே புதிது.

எட்டாவது பாட்டில் அடக்கம் சற்றே உடைகிறது. பாவியேன், ஐயகோ என்று இரண்டு வழக்கமான சொற்கள் வந்துவிடுகின்றன. ஆனால் எரிவது தாய் என்று பொதுவாகச் சொல்லாமல், பறவை நிழல்கூடப் படாமல் தன்னைக் காத்து வளர்த்த கை என்கிறது பாட்டு; அந்தக் கை என்ற ஓரெழுத்துச் சொல்லே ஈற்றுச் சீர். வாயைச் சொன்ன ஐந்தாவதையும் ஆறாவதையும் போலவே இதுவும் தாயை ஓர் உறுப்பாகவே பார்க்கிறது. சடங்கு செய்பவன் அந்த நேரத்தில் பார்ப்பதும் அப்படித்தான்.

பத்தாவது பாட்டில் கேள்வி இல்லை. நேற்று இருந்தவள் இன்று சாம்பல், பால் தெளிக்க எல்லாரும் வாருங்கள், இரங்க வேண்டாம், எல்லாம் சிவமயம் என்கிறது. முந்தைய ஒன்பதில் பேசியவர் தனி மகன். இதில் அவர் ஊரைக் கூப்பிடுகிறார். தத்துவம் கடைசி அடியில்தான் வருகிறது, அதுவும் ஓர் அழைப்புக்குக் காரணமாக. பால் தெளிக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

அதற்குப் பிந்திய வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அச்சு வந்தபின் சரமகவி பெருகியது. இறந்த ஆண்டு, மாதம், திதி ஆகியவற்றை வெண்பாவில் அடக்கும் திதி வெண்பா தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நினைவுமலர்களில் இடம்பிடித்தது. ஓரசைச் சீரில் மகனின் கேள்வியை நிறுத்திய அதே யாப்பு, இங்கே நாள்காட்டிக் குறிப்பைத் தாங்கியது. புகழ்ச்சொற்களும் பழையபடி இறந்தவரை நோக்கித் திரும்பிவிட்டன. 1962இல் டி.எம்.சௌந்தரராஜன் நடித்துப் பாடிய ‘பட்டினத்தார்’ படம் வெளிவந்தது. பத்தில் பரவலாகத் தெரிந்தவற்றுள் ஒன்று ஏழாவது பாட்டு: முப்புரம் எரித்த தீ, இலங்கை எரித்த தீ, அடிவயிற்றில் தாய் மூட்டிய தீ, நான் வைக்கும் தீ என்று அடுக்கும் பாட்டு. வெண்பா அல்லாத அதன் குறுகிய அடிகளும் எதுகையும் மேடைக்குத் தோதானவை. தனியே பாடும்போது அது ஆவேசமாகக் கேட்கிறது. வாய்க்கரிசிக்கும் எரியும் கைக்கும் நடுவில் வைத்துப் பாடினால், கொள்ளி வைக்கக் கை நீளும் நேரத்துக்கான பாட்டு என்பது விளங்கும். பிறகு இன்னும் மூன்று பாட்டு பாட வேண்டும்.