இமெயில் சிக்னேச்சர்: மூணு வரி போதும்... எதை வைக்கணும், எதை எடுக்கணும்?

ஆறுமுகநேரியில் உப்பு வியாபாரம் செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் உள்ள ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கு ஒரு மெயில் அனுப்புகிறார்: "லோடு நாளைக்குக் காலை கிளம்பும்". விஷயம் ஒரே வரிதான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது பாருங்கள். நன்றி வணக்கம், பெயர், படித்த பட்டம், உரிமையாளர் என்ற பதவி, நிறுவனத்தின் லோகோ, ஆபீஸ் முகவரி, உப்பளத்தின் முகவரி, மூன்று செல் நம்பர், ஒரு லேண்ட்லைன், எப்போதோ எடுத்துவிட்ட ஃபேக்ஸ் நம்பர், இரண்டு இமெயில், ஃபேஸ்புக் லிங்க், திருச்செந்தூர் முருகன் படம், கடைசியாக 'தேவையில்லாமல் பிரின்ட் எடுக்காதீர்கள்' என்ற வாசகம்.

இதை ஏஜென்ட் ஆபீஸில் ஒருவர் போனில் திறக்கிறார். லாரி வரும் நேரத்தைக் கேட்க அவருக்கு ஒரு நம்பர் வேண்டும். மூன்றில் எதைக் கூப்பிடுவது? முதல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப், இரண்டாவதை வீட்டில் யாரோ எடுக்கிறார்கள். இப்படித்தான் நேரம் போகும்.

படிக்கிறவர் அடுத்து என்ன செய்வார்?

சிக்னேச்சரில் எது இருக்கணும்னு முடிவு செய்ய இந்த ஒரு கேள்வி போதும். மெயிலைப் படித்து முடித்தவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார். பதில் எழுதுவார், இல்லை என்றால் போன் செய்வார். பதில் எழுத உங்கள் பெயரும், நீங்கள் எந்த நிறுவனத்தில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதும் தெரியணும். போன் செய்ய ஒரு நம்பர் வேணும். உங்கள் இமெயில் முகவரி மெயிலின் மேலேயே இருக்கிறது, அதைக் கீழே திரும்ப எழுதத் தேவையில்லை.

முகவரி? ஏஜென்ட்டுக்கு முழு முகவரி வேண்டாம், ஊர் பெயர் போதும். லாரி அனுப்பும் டிரான்ஸ்போர்ட்காரருக்கு உப்பளம் எங்கே இருக்கிறது என்று தெரியணும்தான். ஆனால் அவருக்கு அந்த ஒரு மெயிலில் மேப் லிங்க்கை வைத்துவிடலாம். லாரி நம்பர், கன்டெய்னர் நம்பர், லோடு தேதி போல ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுகிறவை எல்லாம் மெயிலுக்குள் வரவேண்டியவை. மாறாததுதான் சிக்னேச்சர்.

மேலே சொன்ன வியாபாரியின் சிக்னேச்சரை இந்தக் கணக்கில் சுருக்கினால் இவ்வளவுதான்:

```
(உங்கள் பெயர்) - விற்பனை
(நிறுவனத்தின் பெயர்), ஆறுமுகநேரி, தூத்துக்குடி மாவட்டம்
போன் / வாட்ஸ்அப்: +91 (ஒரே ஒரு நம்பர்)
```

இது புதுசாகக் கண்டுபிடித்த விதி இல்லை. இணையத்தில் எப்படிப் பழகணும்னு 1995-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணமே, சிக்னேச்சர் நான்கு வரியைத் தாண்டாமல் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறது. அப்போது இணைய வேகம் குறைவு, இப்போது போன் திரை சின்னது. காரணம் மாறினாலும் அளவு அதேதான்.

பெயரிலேயே ஒரு சிக்கல்

நம்ம ஊரில் இனிஷியல் என்பது அப்பா பெயர். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது தெரியாது. தூத்துக்குடியில் இருந்து மாலத்தீவுக்குச் சரக்கு போகிறது. அங்கே வாங்குகிறவர் உங்கள் மெயிலைப் பார்த்து, இனிஷியல் எது, பெயர் எது, எழுதியது ஆணா பெண்ணா என்று தெரியாமல் 'அன்புள்ள ஐயா/அம்மா' என்று எழுதுவார். பெயரை முழுசாக எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் திரு அல்லது திருமதி என்பதற்கான சொல்லை ஆங்கிலத்தில் போட்டால் இந்தக் குழப்பம் தீரும். வெளிநாட்டு மெயிலுக்கு சிக்னேச்சர் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதே நல்லது. +91 கட்டாயம். அது இல்லாமல் பத்து இலக்கம் மட்டும் இருந்தால் மாலத்தீவில் இருந்து அழைப்பு வராது.

லோகோ வைத்த படத்துக்குள்ளேயே நம்பரையும் டிசைன் செய்து போடுகிறவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் படத்தில் இருக்கும் நம்பரைத் தொட்டால் டயல் ஆகாது, காப்பி செய்யவும் முடியாது. சில மெயில் ஆப்கள் படங்களைத் தாமாகக் காட்டுவதும் இல்லை. அங்கே உங்கள் சிக்னேச்சர் ஒரு காலிக் கட்டமாகத்தான் தெரியும். நம்பர் எழுத்தாகவே இருக்கட்டும்.

பேங்க் அக்கவுன்ட் நம்பர் வேண்டவே வேண்டாம்

பணம் சீக்கிரம் வரட்டும் என்று அக்கவுன்ட் நம்பரையும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடையும் சிக்னேச்சரில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கருத்தில், சிக்னேச்சரில் செய்யக்கூடிய பெரிய தவறு இதுதான்.

வியாபாரிகளைக் குறிவைக்கும் மெயில் மோசடி எப்படி நடக்கிறது? யாரோ ஒருவர் உங்கள் மெயிலுக்குள் புகுந்துவிடுகிறார், அல்லது ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியில் இருந்து எழுதுகிறார். பழைய மெயிலில் இருப்பதை அப்படியே காப்பி செய்து அக்கவுன்ட் நம்பரை மட்டும் மாற்றுகிறார். வாங்குகிறவர் சிக்னேச்சரில் இருக்கும் அக்கவுன்ட்டுக்குப் பணம் போட்டே பழகியிருந்தால் சந்தேகமே வராது. பணம் அனுப்பிவிடுவார். அக்கவுன்ட் விவரம் பில்லில் இருக்கட்டும். மாற்றம் என்றால் போனில் பேசி உறுதி செய்யுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இதில் இன்னொரு விஷயம். சந்தேகம் வந்து போன் செய்தாலும், அந்தப் போலி மெயிலின் சிக்னேச்சரில் உள்ள நம்பருக்கே கூப்பிட்டால் எடுப்பது மோசடிக்காரராகவே இருக்கலாம். முன்பே போனில் சேமித்து வைத்த நம்பருக்குத்தான் பேசணும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் என்றால்?

தனி உரிமையாளர் என்றால் மேலே உள்ள மூன்று வரி போதும். பதிவு செய்த கம்பெனி என்றால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவு வணிகக் கடிதங்களில் கம்பெனி பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். எனும் அடையாள எண், தொடர்பு விவரங்கள் இருக்கணும்னு சொல்கிறது. மெயிலையும் வணிகக் கடிதமாகவே கருதி இவற்றைச் சேர்க்கும் கம்பெனிகள் உண்டு. உங்கள் கம்பெனி செக்ரட்டரியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சேர்ப்பதாக இருந்தால் நம்பருக்குக் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள்.

ஜிமெயிலில் எப்படி வைப்பது?

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மேலே உள்ள பல் சக்கரத்தை அழுத்தி `See all settings` போங்கள். `General` பக்கத்தில் கீழே வந்தால் `Signature` இருக்கும். `Create new` கொடுத்து இரண்டு சிக்னேச்சர் உருவாக்குங்கள். ஒன்று முழுசு. இன்னொன்று பெயரும் நம்பரும் மட்டும். அதற்குக் கீழேயே, புது மெயிலுக்கு எது, பதில் மெயிலுக்கு எது என்று தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். பதிலுக்குச் சின்னதை வையுங்கள். பத்து முறை மாறி மாறிப் பதில் போன ஒரு மெயிலில் முழு சிக்னேச்சரும் பத்து முறை வந்தால், விலை பேசிய வரியைத் தேடி எடுப்பதே பெரும் பாடு.

பக்கத்தின் அடியில் `Save Changes` இருக்கிறது. பலர் மறப்பது இதைத்தான். அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் சேமிக்கப்படாது.

ஆண்ட்ராய்டு போனில் மெனு, `Settings`, உங்கள் அக்கவுன்ட், `Mobile signature` என்று போகணும். இங்கே படமோ கலரோ வராது, வெறும் எழுத்துதான். நமக்கு வேண்டியதும் அதுதான்.

வைத்து முடித்ததும் வீட்டில் வேறு ஒருவரின் மெயிலுக்கு ஒன்று அனுப்பி, அவர் போனில் திறந்து நம்பரைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் போன் அடிக்கணும்.