பள்ளித் தீ ஒத்திகை

தீ நேரும்போது மாணாக்கரைக் கட்டடத்தினின்று வெளியேற்றி, ஓரிடத்தில் சேர்த்து, தொகை சரிபார்க்கும் முறையை முன்கூட்டியே நடத்திப் பழகுவது தீ ஒத்திகை எனப்படும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு மாடியின் கீற்றுக்கூரைக்குத் தாவ, ஒற்றைக் குறுகிய படிக்கட்டையே நம்பியிருந்த 94 குழந்தைகள் மாண்ட துயரமும், அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடெங்குமுள்ள பள்ளிகளுக்குத் தீப்பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கிய தீர்ப்பும், இம்முறையை அவசியமாக்கின. பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் மூணாறு, தேவிகுளம் பகுதிகளிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

விடாமல் ஒலிக்கும் நீண்ட மணியே அடையாளம். மின்சாரம் நின்றுபோனாலும் ஒலிக்குமாறு அது கைமணியாக இருத்தல் நலம். மணி கேட்டதும் சமையற்காரர் எரிவாயு உருளையை மூடுவார். அலுவலக ஊழியர் 101-ஐ அழைப்பார். காவலாளி வாயிற்கதவுகள் இரண்டையும் திறந்து, தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்ட நிற்பார். ஆசிரியர் புத்தகப்பைகளை விட்டுவிட்டு மாணாக்கரை வரிசையாக நடத்தி, வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டாமல் சாத்தி, தாம் கடைசியாக வெளியேறுவார். மாடிதோறும் ஓர் ஆசிரியர் கழிப்பறை, நூலகம் முதலியவற்றைப் பார்த்து வரவேண்டும். மாற்றுத்திறன் மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் துணை யாரென்பது முன்பே நிச்சயிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கூடுமிடத்துக் கணக்கெடுப்பே இம்முறையின் உயிர்நிலை என்பது என் துணிபு. ஏனெனில் பலர் விரைவைப் பாராட்டித் தொகையை மறக்கின்றனர். உதாரணமாக, ஒரு வகுப்பில் 38 பெயர்கள் இருக்க, அன்று இருவர் வராதிருப்பின், திடலில் 36 பேர் நிற்கவேண்டும்; 35 பேரே நின்றால், ஆசிரியர் பெயர்களை வாசித்து, குறைபவர் இன்னார், அவர் கடைசியாகக் காணப்பட்ட இடம் இன்னது என்று தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும். தேடச் செல்வது தீயணைப்போர் கடமை. ஆசிரியர் திரும்ப உள்ளே புகலாகாது. தலைமையாசிரியர் மணியடித்த நேரத்தையும் கடைசி வகுப்பின் கணக்கு வந்த நேரத்தையும் குறிப்பார். அவ்விடைவெளியே ஒத்திகையின் அளவுகோல்.

எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே வழியாக நடத்தும் ஒத்திகை, அந்நேரத்துக்கும் அவ்வழிக்கும் மட்டுமே பழக்கம் தரும். ஆகவே ஒருமுறை மதிய உணவு வேளையில், மற்றொருமுறை ஒரு படிக்கட்டில் கயிறு கட்டி அடைத்துவிட்டு நடத்த வேண்டும். அப்போதுதான் மாணாக்கர் திகைத்து நிற்கும் இடம் வெளிப்படும். கூடுமிடம் கட்டடத்தின் உயரத்துக்கு மேற்பட்ட தொலைவில், வண்டி வரும் வழியை மறிக்காமல் அமைய வேண்டும். தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் மலைச்சரிவின் அடிவாரத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தலாகாது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பின் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெருமழைக் காலத்துக்கென மேட்டுநிலத்தில் இரண்டாவது இடமொன்றையும் குறித்து, அவ்விடத்துக்குச் செல்லும் வழியிலும் அதே பதிவேட்டோடு பழகுதல் வேண்டும்.