செந்தட்டான்: நீர்மேல் நிற்பதும் குச்சிக்குத் திரும்புவதும்

ஹவுராவின் குளங்களிலும், சிப்பூரில் 1787-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் ஏரிகள் போன்ற தேங்கிய நீர்நிலைகளிலும் காணப்படும் தட்டான் இது. அறிவியல் பெயர் குரோகோதெமிஸ் செர்விலியா. ஆண் ரத்தச் சிவப்பு, பெண் மங்கிய மஞ்சள்.

முட்டையிடப் பெண் நீருக்கு வந்தே ஆகவேண்டும். அதனால் வெயில் ஏறியதும் ஆண், கரையோரம் ஒரு துண்டு நீர்ப்பரப்பைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியின் நுனிதான் அதன் காவல் மேடை. அங்கே மறைப்பு கிடையாது. வெளிறிய வானத்தின் பின்னணியில் கொசுவோ போட்டி ஆணோ கரும்புள்ளியாகத் தெரியும். பாய்ந்து பிடிக்கும், அல்லது துரத்தும். பிறகு அதே நுனிக்கு வந்து அமரும். ஓயாமல் பறந்து காவல் காப்பதைவிட இதற்குச் சக்தி மிகக் குறைவாகவே செலவாகிறது. உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி நின்றால், அது உடலில் படும் வெயிலைக் குறைக்கும் உத்தி.

நான்கு இறக்கைகளையும் தனித்தனியே இயக்க முடிவதால் தட்டானுக்கு அந்தரத்தில் நிற்பது எளிது. பெண் வாலின் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும்போது, வேறு ஆண்கள் நெருங்காதபடி ஆண் அதன் மேலேயே பறந்து காக்கிறது.

எல்லாத் தட்டான்களும் குச்சி தேடுவதில்லை. மழைக்காலத்தில் கூட்டமாக வரும் பண்டாலா ஃபிளாவெசென்ஸ் பகலில் பெரும்பாலும் பறந்தபடியே இருக்கும். தட்டான்கள் நீரை அறிவது, அதன் பரப்பில் பட்டுத் திரும்பும் முனைவாக்கப்பட்ட ஒளியைக் கொண்டு. பளபளப்பான காரின் மேற்பரப்பும் அத்தகைய ஒளியைத் திருப்புவதால், சில பெண்கள் அங்கே முட்டையிட்டு வீணாக்குகின்றன.