ஜாக்–ஸ்டாட் சமிக்ஞை வழி

சைட்டோகைன்கள் தரும் செய்தியைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து மரபணுக்கள் வரை கொண்டு செல்லும் குறுகிய பாதை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது சிறுநீரகம் இதைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள முன்னோடிச் செல்களின் ஏற்பிகள் இதைப் பற்றுகின்றன.

இந்த ஏற்பிக்குச் சொந்தமாக நொதித்திறன் கிடையாது. அதன் உட்பக்க வாலில் ஜாக்2 என்ற கைனேஸ் ஒட்டியிருக்கிறது. எரித்ரோபொய்ட்டின் இணைந்ததும் ஏற்பியின் இரு இழைகளிலுமுள்ள ஜாக்2 மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பிறகு ஏற்பியின் டைரோசின்களிலும் ஏற்றுகின்றன. அதுவரை சைட்டோபிளாசத்தில் செயலற்றிருந்த ஸ்டாட்5 புரதம் அந்தப் பாஸ்பேட்டை அடையாளங்கண்டு அங்கே பொருந்துகிறது. ஜாக்2 அதற்கும் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்க, இரண்டு ஸ்டாட்5 இணைந்து உட்கருவுக்குள் நுழைந்து, செல் இறப்பைத் தடுக்கும் மரபணுக்களை இயக்குகின்றன. அவை இயக்கும் மரபணுக்களில் இந்தச் சமிக்ஞையையே அடக்கும் புரதங்களுக்கு உரியவையும் உண்டு.

ஜாக்2-இல் கைனேஸ் பகுதியை அடக்கிவைக்கும் போலிக் கைனேஸ் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே 617ஆம் இடத்து வேலின் ஃபினைல்அலனினாக மாறினால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, ஹார்மோன் இல்லாமலே சமிக்ஞை ஓடும். பாலிசைத்தீமியா வேரா என்னும் சிவப்பணு மிகைப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் இம்மாற்றம் உண்டு என்பது 2005-இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பின் தெளிவானது. சிவப்பணு மிகுந்தும் இரத்தத்தில் எரித்ரோபொய்ட்டின் குறைந்திருப்பது முக்கியத் துப்பு. ருக்சோலிட்டினிப் மருந்து ஜாக்2-ஐத் தடுக்கிறது. ஆனால் மாறிய நொதியையும் இயல்பானதையும் அது பிரித்தறிவதில்லை. அதனால் இரத்தசோகை பக்கவிளைவாக வரலாம்.